பொருள்: பூச்சிகளை எண்ணி ஓடையைத் தரம் பிரிக்கும் அந்த எண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

கவிதா எழுதியது:

வணக்கம். மலையோடைகளைக் கண்காணிக்கும் தன்னார்வலர்களுக்காக ஒரு கையேடு தமிழில் தயாராகிறது. அதில் உள்ள முறை, அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹில்சன்ஹாஃப் 1988-இல் வெளியிட்ட, குடும்ப அளவிலான பயாட்டிக் இண்டெக்ஸ். தண்ணீர் சலசலத்து ஓடும் கல்பகுதியில் வலையை ஊன்றி, அதற்கு மேற்பக்கத்துக் கற்களைக் காலால் கிளற வேண்டும். வலையில் சேர்வதில் நூறுக்குக் குறையாமல் பொறுக்கி, குடும்பவாரியாக எண்ண வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 0 முதல் 10 வரை ஒரு டாலரன்ஸ் மதிப்பு உண்டு. எண்ணிக்கையை அதால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த உயிர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இண்டெக்ஸ்.

என் முன்மொழிவுகள்: உயிரிக் குறியீடு, சகிப்புத்தன்மை மதிப்பு. வெறுங்கண்ணுக்குத் தெரியும் முதுகெலும்பில்லா உயிர்களைக் குறிக்கும் மேக்ரோஇன்வெர்ட்டிபிரேட் என்பதற்குப் பெருமுதுகெலும்பிலி. திருத்துங்கள்.

சிவஞானம் எழுதியது:

உயிரிக் குறியீடு என்றதும் மரபணு ஆய்வு என்றுதான் நினைப்பார்கள். பொருளாதாரத்தில் விலைக் குறியீட்டெண் இருக்கிறது. எண் என்று முடிவதே நல்லது. ‘ஓடைநல எண்’ என்று வையுங்கள் அம்மா. எண் ஏற ஏற ஓடை நலமாக இருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

இளங்கோ எழுதியது:

> எண் ஏற ஏற ஓடை நலமாக இருக்கிறது

ஐயா, அது, இதேபோல் ஓடையைத் தரம் பிரிக்கும் பிரிட்டனின் பி.எம்.டபிள்யூ.பி. மதிப்பெண்ணுக்குப் பொருந்தும். சுத்தமான நீரை நாடும் பெர்லிடே குடும்பத்துக்கு அங்கே 10, சேற்றுப் புழுக்களுக்கு 1. ஹில்சன்ஹாஃப் முறை நேர் எதிர். பெர்லிடேவுக்கு 1, இரத்தப்புழு எனப்படும் சிவப்பு நிறக் கைரோனோமிடேவுக்கு 8. எண் ஏறினால் ஓடை கெட்டிருக்கிறது. ‘ஓடைநல எண் 7.4’ என்று ஒரு பலகையில் எழுதிப் பாருங்கள், படிப்பவர் மகிழ்ச்சியோடு போய்விடுவார். உண்மையில் அது அட்டவணையின் கடைசிப் படி.

நலம் என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. கழிவுநீர், சாணம் போன்ற கரிமப் பொருள் சேர்ந்து ஆக்சிஜன் குறையும்போது எந்தக் குடும்பம் தாக்குப்பிடிக்கும் என்பதை வைத்துத்தான் இந்த மதிப்புகள் அமைந்தன. பூச்சிக்கொல்லி கலந்தால் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து குறையலாம். விகிதம் மாறாவிட்டால் எண்ணும் மாறாது. அங்கே தடயம், நூறு உயிர்கூடக் கிடைக்காமல் போவதுதான். ஆகவே ‘கரிமமாசுச் சுட்டெண்’ என்பது என் பரிந்துரை. எதை அளக்கிறது என்பதும், ஏறினால் கெடுதல் என்பதும் பெயரிலேயே வந்துவிடுகின்றன. டாலரன்ஸ் மதிப்புக்குத் ‘தாங்கெண்’ போதும். சகிப்புத்தன்மை மனிதர்களுக்கு இருக்கட்டும்.

சிவஞானம் எழுதியது:

ஏற்கிறேன். ஆனால் பத்திலிருந்து கழித்துவிட்டால் நலம் ஏறுமுகமாகிவிடுமே? பெயரும் இனிமையாக இருக்கும்.

இளங்கோ எழுதியது:

கணக்கில் தவறில்லை. ஆனால் படிகள் பழைய எண்ணுக்கு வகுத்தவை: 4.26 முதல் 5.00 வரை ‘நன்று’, 5.01 முதல் 5.75 வரை ‘சுமார்’. திருப்பிப்போட்ட எண்ணை இன்னொருவர் மூல அட்டவணையோடு ஒப்பிட்டால் தரம் தலைகீழாகும். பி.எம்.டபிள்யூ.பி.யோடும் அது இணையாகாது. அங்கே குடும்பத்துக்கு ஒருமுறைதான் மதிப்பெண், பத்து பூச்சியானாலும் நூறானாலும் ஒன்றே.

ரவி எழுதியது:

எங்கள் ஊர் ஏரியில் இதைச் செய்யலாமா? இரத்தப்புழு நிறைய இருக்கிறது. பிள்ளைகள் குளிக்கிறார்கள், தரம் தெரிந்தால் ஊராட்சியில் சொல்லலாம்.

இளங்கோ எழுதியது:

ரவி, வேண்டாம். ஓடும் நீரின் கல்படுகைக்கு அமைந்த அட்டவணை இது. ஏரிச் சேற்றில் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு, அங்கே இரத்தப்புழு இருப்பதை வைத்து மாசு என்று முடிவுகட்ட முடியாது. குளிக்கலாமா என்பதற்கு எந்தப் பூச்சியும் பதில் சொல்லாது. கோலிஃபார்ம் பாக்டீரியா சோதனைதான் வேண்டும்.

கவிதா எழுதியது:

‘கரிமமாசுச் சுட்டெண்’ பிடித்திருக்கிறது. மாதிரிக் கணக்கு ஒன்று தர முடியுமா? கேவியட் என்ற சொல்லும் கையேடு முழுக்க வருகிறது. ‘பொறுப்புத் துறப்பு’ என்று போட்டிருக்கிறேன்.

இளங்கோ எழுதியது:

பொறுப்புத் துறப்பு என்றால் ‘எங்களைக் கேட்காதே’ என்று ஆகிவிடும். இங்கே சொல்ல வருவது, இந்த எண்ணை எதுவரை நம்பலாம் என்பது. ‘வரம்புக் குறிப்பு’ என்று போடுங்கள்.

கணக்குக்காக 120 உயிர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

```
பெர்லிடே         4 × 1 =   4
ஹெப்டஜெனிடே    16 × 4 =  64
பேட்டிடே         30 × 4 = 120
ஹைட்ரோசைக்கிடே  24 × 4 =  96
சிமுலிடே         10 × 6 =  60
கைரோனோமிடே     36 × 6 = 216
மொத்தம் 120, கூட்டல் 560
560 ÷ 120 = 4.67
```

4.67 என்றால் ‘நன்று’. ஆனால் கைரோனோமிடேவுக்கு இரண்டு தாங்கெண்கள்: இரத்தச் சிவப்பாக இருந்தால் 8, வெளிறிய இளஞ்சிவப்பு உட்பட மற்றவற்றுக்கு 6. அந்த 36-உம் சிவப்பாக இருந்திருந்தால் கூட்டல் 632, சுட்டெண் 5.27. ஒரே மாதிரி ‘சுமார்’ படிக்கு இறங்கிவிடுகிறது. அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது, ஆல்கஹாலில் போட்டால் வெளுத்துவிடும். மறுவாரம் ஆய்வகத்தில் பார்ப்பவருக்கு எல்லாமே வெளிறித்தான் தெரியும், ஓடை உள்ளதைவிட நல்லதாகிவிடும். வெள்ளைத் தட்டில் உயிரோடு இருக்கும்போதே நிறம் பார்த்து எண்ணிவிட வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். நிறம் பதியாத மாதிரிக்கு ஒரே எண்ணைத் தராமல் ‘4.67 முதல் 5.27 வரை’ என்று எழுதுவதுதான் நேர்மை.

அடுத்தது ‘குடும்பநிலை’ என்ற அடைமொழி. அதை விட்டுவிடாதீர்கள். பேரினம், சிற்றினம் வரை பிரித்துக் கணக்கிடும் மூல முறையோடு ஒப்பிட்டால், குடும்ப அளவில் சுத்தமான ஓடைக்கு எண் சற்றுக் கூடுதலாகவும், மாசுபட்ட ஓடைக்குச் சற்றுக் குறைவாகவும் வரும் என்று ஹில்சன்ஹாஃபே சொல்லியிருக்கிறார். இரண்டு ஓரங்களும் நடுவை நோக்கி இழுபடுகின்றன.

மூன்றாவது, தாங்கெண்கள் விஸ்கான்சினுடையவை. நம் மலையோடையில் கிடைக்கும் நண்டுக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. மதிப்பில்லாததைப் பெருக்கலிலும் சேர்க்கக் கூடாது, வகுக்கும் மொத்தத்திலும் சேர்க்கக் கூடாது. எத்தனை விட்டுப்போயின என்று மட்டும் எழுத வேண்டும். ‘நன்று’, ‘சுமார்’ என்ற படிகளையும் இங்கே அப்படியே ஒட்டாதீர்கள். அதே ஓடையில் குடியிருப்புக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி, ஒரே நாளில், ஒரே வலையில் எடுத்தால் இரண்டு எண்களின் வித்தியாசம் பேசும்.

அறிக்கை வரி இப்படி இருக்கலாம்: “குடும்பநிலைக் கரிமமாசுச் சுட்டெண் 4.67 (120 உயிர்கள், தாங்கெண் இல்லாத 9 சேர்க்கப்படவில்லை, நிறம் களத்தில் பதியப்பட்டது). வரம்புக் குறிப்பு: தாங்கெண்கள் விஸ்கான்சின் அட்டவணையைச் சார்ந்தவை. நீர் குடிக்கவோ குளிக்கவோ ஏற்றதா என்பதை இந்த எண் காட்டாது.”

சிவஞானம் எழுதியது:

குடும்பநிலைக் கரிமமாசுச் சுட்டெண், தாங்கெண், வரம்புக் குறிப்பு மூன்றுக்கும் என் ஒப்புதல். பெருமுதுகெலும்பிலி மட்டும் வேண்டாம். ஏதோ ராட்சத விலங்கு போலிருக்கிறது. ‘படுகைப் பூச்சிகள்’ என்போமே.

கவிதா எழுதியது:

நத்தை, அட்டை, புழு பூச்சியாகுமா ஐயா? ‘படுகைச் சிற்றுயிர்கள்’?

இளங்கோ எழுதியது:

ஹில்சன்ஹாஃப் நத்தையையும் புழுவையும் எண்ணவில்லை, கணுக்காலிகள் மட்டும்தான். நத்தைக்கும் புழுவுக்கும் பின்னாளில் வேறு அமைப்புகள் தாங்கெண் கொடுத்தன. ஆக இந்த முறைக்குப் ‘படுகைப் பூச்சிகள்’ கிட்டத்தட்ட சரி, பொதுச் சொல்லாக ஆகாது. ‘சிற்றுயிர்’ என்றால் நுண்ணுயிரோடு குழம்புவார்கள், வெறுங்கண்ணுக்குத் தெரிவது என்பதுதானே இங்கே முக்கியம். என்னிடம் நல்ல சொல் இல்லை. கையேடு அச்சுக்குப் போகும்வரை இதைத் திறந்தே வைப்போம்.