உதவி: ஒரு வரிக் கதை இருக்கு, 2 நிமிஷ அனிமேஷனுக்கு மூணு அங்கமா பிரிக்க வரலை

நீலக்காகிதம்
வணக்கம். என் ஒன்லைன் இதுதான்: "மொட்டை மாடியில துணி காயப்போடுற பாட்டியோட கம்பி ஹேங்கரை எல்லாம் ஒரு காக்கா கூடு கட்டத் திருடிட்டுப் போகுது." வசனம் கிடையாது. 2டி, கையால வரையுறது. படம் சரியா 2 நிமிஷம், டைட்டிலும் பெயர்ப் பட்டியலும் அதுக்குள்ளயே வரணும். அவுட்லைன் எழுதினா நாலு நிமிஷத்துக்குப் போகுது. நடுப்பகுதி முழுக்க காக்கா திருடுது, பாட்டி விரட்டுறாங்க, மறுபடி திருடுது. முடிவும் பிடிபடலை. எங்க வெட்டுறது?

ஆறாம்விரல்
ரொம்ப சுலபம். முதல் அங்கம் 30 நொடி, நடு 60, கடைசி 30. அந்தந்தப் பெட்டியில அடங்காததைத் தூக்கிப் போடுங்க.

பழையபென்சில்
கணக்கு ஓரளவு சரி, ஆனா 120 நொடியும் கதைக்குக் கிடைக்காது. டைட்டிலுக்கு 4, பெயர்களுக்கு 6 போனா மிச்சம் 110. இந்தக் கதைக்கு நான் 25, 55, 30னு வைப்பேன். அறிமுகத்துல 5 நொடி குறைச்சாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க. கடைசியில குறைச்சா முடிவு அவசரமாத் தெரியும்.

ஆனா நொடி பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒன்லைனைச் சரி பண்ணணும் நீலக்காகிதம். இப்ப அதுல இருக்கிறது ஒரு நிலைமை மட்டும்தான். யார் எதுக்கு ஆசைப்படுறாங்க, கடைசியில எதை விட்டுக்கொடுக்கிறாங்கன்னு இல்லை. அதனாலதான் நடுப்பகுதி ஒரே இடத்துல சுத்துது. முதல்ல சொல்லுங்க, இது யாரோட கதை? காக்காவோடதா, பாட்டியோடதா?

நீலக்காகிதம்
காக்கான்னுதான் நினைச்சேன். வரையவும் ஜாலியா இருக்கும்.

பழையபென்சில்
காக்காவுக்கு ஆரம்பத்துலயும் கூடு வேணும், கடைசியிலயும் கூடுதான் வேணும். அது மாறப்போறதில்லை. மனசு மாறக்கூடியவங்க பாட்டிதான், அதனால கேமரா அவங்க கூட நிக்கட்டும். ஒன்லைனை இப்படி மாத்திப் பாருங்க: "திருடுபோன ஹேங்கரைக் கூட்டுலேர்ந்து பிடுங்கப் போன பாட்டி, தானே அந்தக் கூட்டைச் சாய்ச்சுடுறாங்க." இதுக்குள்ளயே உங்க இரண்டாம் அங்கத்தோட முடிவு உக்காந்திருக்கு.

அடுத்து, ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு சீட்டுல எழுதி வரிசையா ஒட்டுங்க. ரெண்டு சீட்டுக்கு நடுவுல "அதனால" இல்லேன்னா "ஆனா" போட்டுப் படிங்க. "அப்புறம்" மட்டும்தான் பொருந்துதுன்னா அதுல ஒரு சீட்டு வேண்டாதது. உங்க நடுப்பகுதியில திரும்பத் திரும்ப வர்ற திருட்டெல்லாம் "அப்புறம்" வகை. ஒண்ணை எடுத்துட்டாலும் கதை அசையாது.

என் பிரிப்பு இது.

முதல் அங்கம், 25 நொடி. அகலக் காட்சியில மாடி, கொடி, ஹேங்கர்கள் (4). பாட்டி துணி மாட்டுறாங்க (6). காக்கா வேப்பமரத்துல, வாயில ஒரு குச்சியோட (3). ஹேங்கரை உருவுது, சட்டை தரையில விழுது (6). பாட்டி அந்தச் சட்டையைத் திரும்ப வாளியில அலசுறாங்க (6). கடைசி 6 நொடி முக்கியம். பாட்டிக்கு என்ன நஷ்டம்னு அங்கதான் தெரியுது.

இரண்டாம் அங்கம், 55. அதனால பாட்டி ஹேங்கரைக் கொடியோட நூலால கட்டுறாங்க (8). ஆனா காக்கா நூலைக் கொத்தி அவிழ்த்து ரெண்டையும் தூக்கிட்டுப் போகுது, கூட்டுக்குள்ள விரிக்க நாரும் நூலும் அதுக்கு வேணுமே (12). ஒரே ஒரு ஹேங்கர்தான் மிச்சம் (6). அதனால அது பறக்கிற திசையைப் பார்க்கிறாங்க, மரத்துல கம்பி மின்னுது (6). துறட்டியை எடுத்து எட்டி நீட்டுறாங்க (11). கொக்கி மாட்டுது, இழுக்கிறாங்க (5). கூடு சாயுது, முட்டை விளிம்புக்கு உருளுது (7).

மூணாம் அங்கம், 30. பாட்டி உறைஞ்சு நிக்கிறாங்க, விட்டா கூடு விழும். காக்கா வந்து தலையில கொத்துது (8). கொத்து வாங்கிட்டே துறட்டியால கம்பியை மெல்லப் பழைய இடத்துக்குத் தள்ளுறாங்க (12). காக்கா கூட்டுல உக்காருது (4). மறுநாள் துணியெல்லாம் கைப்பிடிச் சுவர் மேல, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு செங்கல் (6).

மழைப்பறவை
காக்கா கூட்டுல குயில் முட்டையிடும், அதைக் கொண்டுவந்தா சூப்பர் ட்விஸ்ட் கிடைக்குமே! கடைசியில குஞ்சு குயில்னு தெரியும்.

பழையபென்சில்
தகவல் சரி. ஆனா வசனம் இல்லாத படத்துல இது வேற முட்டைன்னு புரியவைக்க மட்டும் 15 நொடி வேணும். அதுவும் பாட்டியோட முடிவுக்குச் சம்பந்தமே இல்லாம நிக்கும். அது தனிப் படம்ங்க.

கண்ணாடிவீடு
எனக்கும் இதே பிரச்சினை. மின்விசிறியைப் பார்த்து பயப்படுற பூனை, அவ்வளவுதான் ஐடியா. இதுக்கும் மூணு அங்கம் போட்டே ஆகணுமா?

பழையபென்சில்
பயம் போகணும்னு கட்டாயம் இல்ல, ஆனா பூனைக்கு அந்த விசிறி கிட்டயே ஏதாவது வேணும். வெயில் நேரத்துல காத்து வர்ற ஒரே இடம் விசிறிக்கு அடியிலதான்னு வைங்க, அங்கங்கள் தானா பிரியும். அப்படி எதுவும் வேண்டாம்னா 20 நொடி நகைச்சுவைத் துணுக்கா எடுத்துடுங்க, 2 நிமிஷத்துக்கு இழுக்காதீங்க.

நீலக்காகிதம்
ரொம்ப நன்றி. சீட்டு ஒட்டிப் பார்த்தேன், பதினொண்ணுல நாலு போயிடுச்சு. ஆனா துறட்டி எடுக்கிற இடத்தை வீட்ல நடிச்சுப் பார்த்தா 11 நொடிக்குள்ள வரவே இல்ல. படி இறங்கி, எடுத்து, மேல வந்து... 25 ஆகுது.

பழையபென்சில்
இறங்கவே விடாதீங்க. முதல் அகலக் காட்சியிலேயே துறட்டியைத் தண்ணித் தொட்டி மேல சாய்ச்சு வரைஞ்சு வைங்க, அதுக்குத் தனி நொடி செலவாகாது. பிறகு பாட்டியோட கண் தொட்டிப் பக்கம் திரும்பினதும் வெட்டி, இலைகளுக்கு நடுவுல கொக்கி நுழையுற இடத்துக்குப் போயிடுங்க. அவுட்லைன்ல ஒரு வரியா இருக்கிறது திரையில எவ்வளவு நேரம்னு கண்ணால மதிப்பிட முடியாது. இப்ப செஞ்ச மாதிரியே ஸ்டாப்வாட்ச் வச்சு நடிச்சுப் பார்க்கணும்.

ஆறாம்விரல்
வேலைப் பளுவையும் பாருங்க. நொடிக்கு 24 ஃபிரேம், ரெண்டு ஃபிரேமுக்கு ஒரு படம்னா 110 நொடிக்கு 1320 படம். பாட்டியும் காக்காவும் சேர்ந்து அசையுற இடத்துல இன்னும் கூடும்.

பழையபென்சில்
ஆமா, ஆனா பாட்டி உறைஞ்சு நிக்கிற இடம், காக்கா மரத்துல பார்க்கிற இடம் எல்லாம் ஒரே படத்தைப் பிடிச்சு வச்சு கண்ணை மட்டும் அசைச்சா போதும். எங்க நிறுத்தலாம்னு அவுட்லைன்லயே குறிச்சு வச்சுக்கோங்க.

வரைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. சீட்டுக்கு ஒண்ணுன்னு கிறுக்கல் படம் போட்டு, மேல சொன்ன நொடிக்கு அடுக்கி, சத்தமில்லாம கதை தெரியாத ஒருத்தர்கிட்ட ஓட்டிக் காட்டுங்க. "பாட்டி ஏன் மரத்துகிட்ட போனாங்க?"ன்னு மட்டும் கேளுங்க. "காக்காவை அடிக்க"ன்னு சொன்னா ஹேங்கர் குறைஞ்சது அவருக்குத் தெரியலை, அந்த 6 நொடியில கொடியை இன்னும் வெறுமையா காட்டணும். முட்டையைப் பார்த்து ஆச்சரியப்பட்டா, குச்சியோட காக்கா இருக்கிற 3 நொடி அவர் கண்ணுல படலை.

மழைப்பறவை
கடைசி ஷாட் செங்கல் மட்டும்தானா? மிச்சமிருந்த ஒரு ஹேங்கரைப் பாட்டியே காக்காவுக்குன்னு கொடியில விட்டு வைக்கட்டும். மனசைத் தொடும்.

ஆறாம்விரல்
வேண்டாம். காக்கா வந்து செங்கலையும் இழுத்துப் பார்க்கட்டும். சிரிச்சுட்டே முடியும்.

பழையபென்சில்
ரெண்டும் 6 நொடிக்குள்ள அடங்கும். எனக்கு ஆறாம்விரல் சொன்னதுதான் பிடிச்சிருக்கு, முதல் ரெண்டு அங்கமும் கிண்டலாத்தான் போகுது. ஆனா ரெண்டையும் சேர்த்துப் போட்டுடாதீங்க. கிறுக்கல் படத்துல ரெண்டு முடிவும் செஞ்சு, ஒரே ஆள்கிட்ட இல்லாம வேற வேற ஆள்கிட்ட காட்டுங்க.

நீலக்காகிதம்
சரிங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டையும் அடுக்கிட்டு இங்கயே போடுறேன்.