சொந்த மாட்டுப் பால் லிட்டருக்கு என்ன அடக்கம்?

புதுத்தொழுவம்: பாக்கெட், பால்காரர், சொந்த மாடு: தீவனத்தையும் சேர்த்தால் லிட்டருக்கு எது மலிவு? வீட்டுக்குத் தினம் 2 லிட்டர் போதும். மாடு கட்ட இடம் இருக்கிறது.

கறவைக்காரர்: சொந்த மாடுதான், யோசிக்கவே வேண்டாம். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் பாக்கெட் பால் லிட்டர் 100 என்று வைத்துக்கொள்வோம். அதே அளவில் அடர்தீவனம் கிலோ 60, வைக்கோல் 20, பசும்புல் 8. சராசரி ஏழரை லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலரைக் கிலோ அடர்தீவனம், 4 கிலோ வைக்கோல், 20 கிலோ புல் போதும். மொத்தம் 510. லிட்டருக்கு 68தான் வருகிறது.

வரவுசெலவு: அண்ணே, தீவன அளவு சரி. ஆனால் நீங்கள் போட்டது கறக்கிற நாளின் கணக்கு. மாடு வருடம் முழுக்கக் கறக்காது. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் 14 மாத இடைவெளி என்றால் ஏறக்குறைய 425 நாள். அதில் கறவை 300 நாள். மீதி 125 நாளும் பால் இல்லாமலே தின்னும். அடர்தீவனத்தை 2 கிலோவாகக் குறைத்தாலும் நாளுக்கு 360 ஆகும். கன்று குடிக்கும் பாலையும் கழிக்க வேண்டும். மொத்தம் கறப்பது 2,250 லிட்டர், கன்றுக்கு 200 போனால் கையில் 2,050. தீவனச் செலவு 1,98,000. வகுத்தால் லிட்டர் ஏறக்குறைய 97. வைத்தியம், மாட்டின் விலை, உங்கள் உழைப்பு எதுவும் இதில் இல்லை.

பருவத்துக்கு வந்ததைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த வாய்ப்புக்குச் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும். இப்படியே தவறி, அல்லது ஊசி போட்டும் சினை பிடிக்காமல், 3 மாதம் தள்ளினால் அதே பால் 112 ஆகிவிடும். மாடு வளர்ப்பில் பெரும் செலவு இந்தக் காலியான மாதங்கள்தான்.

கறவைக்காரர்: எங்கள் வரப்புப் புல்லுக்கு நாங்கள் காசு கொடுப்பதில்லை. 20 கிலோ புல்லைக் கழித்துப் பாருங்கள்.

வரவுசெலவு: கழித்தால் 63 வருகிறது, மறுக்கவில்லை. வரப்பில் தானாக முளைத்தால் சரி. தனியாகத் தீவனப்புல் போட்ட நிலம் என்றால் அதில் வேறு பயிர் வைத்திருக்கலாமே, தண்ணீரும் ஆகிறதே.

சொம்புப்பால்: எனக்குப் பால்காரர்தான் பிடிக்கும். அவர் விலை 110. லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கிறேன், 28க்குக் கீழே போனதில்லை. அதனால் தண்ணீர் கலக்கவில்லை.

வரவுசெலவு: அதை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் சேர்த்தால் அளவு இறங்கும், ஆடையை எடுத்தால் ஏறும். இரண்டையும் செய்தால் கருவி நல்ல பால் மாதிரியே காட்டும். கொழுப்பையும் சேர்த்துச் சோதித்தால்தான் தெரியும். சூடான பாலில் வைத்தாலும் அளவு தவறும். நூற்றுக்கு 15 பங்கு தண்ணீர் இருந்தால், நீங்கள் கொடுக்கும் 110 உண்மையில் 129.

சொம்புப்பால்: என் பால்காரரை எனக்குத் தெரியும். தயிர் கெட்டியாகத் தோய்கிறது, அது போதும். பாக்கெட் பாலில் அப்படி வருவதில்லை.

வரவுசெலவு: எந்தப் பாக்கெட் வாங்கினீர்கள்? 3 சதவீதக் கொழுப்பும் 6 சதவீதக் கொழுப்பும் வேறு வேறு பால். ஒன்றின் தயிரை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. விலையை ஒப்பிடும்போதும் உறையில் அச்சிட்ட கொழுப்பு அளவைப் பார்க்க வேண்டும்.

புதுத்தொழுவம், உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு 2 லிட்டர்தான் தேவை. கறவை நாட்களில் அது 600 லிட்டர். மீதி 1,450 லிட்டரை என்ன செய்வீர்கள்? மொத்தமாக எடுப்பவர் 75 கொடுத்தால் 1,08,750 திரும்பும். செலவில் பாக்கி 89,250, அது உங்கள் 600 லிட்டரின் தலையில் விழும். லிட்டர் கிட்டத்தட்ட 149! அதே பாலை அக்கம்பக்கத்தில் 110க்கு ஊற்றினால் உங்கள் பால் 64தான். மாடும் தீவனமும் ஒன்றே, விற்கும் விலைதான் வேறு. வற்றிய மாதங்களில் எப்படியும் பாக்கெட் வாங்குவீர்கள்.

கறவைக்காரர்: சாணத்தையும் கன்றையும் விட்டுவிட்டீர்கள். கிடேரி பிறந்தால் அதுவே ஒரு வரவு.

வரவுசெலவு: சாணம் வரவுதான், தோட்டம் இருந்தால். கிடேரி பிறப்பதைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பிறந்தாலும் அது கறவைக்கு வர இரண்டரை, மூன்று வருடம் தீவனம் போட வேண்டும்.

கறவைக்காரர்: அதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிடேரியை வளர்த்து விற்றுத்தான் எத்தனையோ பேர் மாட்டுச் செலவைச் சமாளிக்கிறார்கள்.

புதுத்தொழுவம்: பக்கத்தில் நாலு வீட்டில் பால் கேட்டிருக்கிறார்கள். வற்றிய மாதங்களில் அவர்கள் வேறு ஆளிடம் போய்விட்டால் திரும்ப வருவார்களா?

கறவைக்காரர்: அதற்குத்தான் இரண்டு மாடு வைப்பது. ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும்படி ஊசி போடும் மாதத்தைத் தள்ளி வையுங்கள்.

வரவுசெலவு: அப்படியானால் விற்க வேண்டிய பாலும் கூடும். முதலில் அந்த நாலு வீட்டில் தினம் எத்தனை லிட்டர், என்ன விலைக்கு என்று கேட்டு வாருங்கள். அப்புறம் மாடு பார்க்கலாம்.