போர் தண்ணீரில் கைத்துவையல்: பவுடரா, லிக்விடா, கட்டியா?

மல்லிகா_திருமங்கலம்:
எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். மெஷின் கிடையாது, எல்லாமே கைத்துவையல். பவுடரில் ஊறவைத்துவிட்டு காலருக்கும் கைப்பட்டிக்கும் மஞ்சள் பார் சோப்பு போட்டுத் தேய்க்கிறேன். மகனின் வெள்ளைச் சட்டைகள் ஆறே மாதத்தில் சாம்பல் பூத்துவிட்டன, காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைக்கின்றன. என் விரல் நுனியெல்லாம் வெடிப்பு. பவுடர், லிக்விட், கட்டி, இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

அம்பை_சுந்தரம்:
பவுடரை விடுங்கள் தங்கச்சி. கை வெடிக்கிறது என்றாலே அது பவுடரின் காரம்தான். எங்கள் அம்மா நாற்பது வருடம் தாமிரபரணிப் படித்துறையில் பார் சோப்பு ஒன்றை வைத்தே எட்டுப் பேர் துணியையும் துவைத்தார். அப்பாவின் வேட்டி பால் மாதிரி இருக்கும். சோப்பு தேங்காயெண்ணெய், பனையெண்ணெயில் செய்வது, கைக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது. காலர் அழுக்குக்குக் கட்டியைப் போட்டுத் தேய்ப்பதற்கு இணை எதுவும் இல்லை.

ராஜேஷ்_கோவை:
லிக்விடுக்கு மாறுங்கள். நான் ஃப்ரன்ட் லோடில் மூடியில் பாதி ஊற்றுகிறேன், அது போதும். நுரை அதிகம் வராத ரகமாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் டிரம் நின்றுவிடும். சட்டை மெத்தென்று வருகிறது, சாம்பல் எல்லாம் பார்த்ததே இல்லை.

மணலி_முத்து:
ராஜேஷ், அவர் கையால் துவைக்கிறார், டிரம் பேச்சு வேண்டாம். உங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது என்று நினைக்கிறேன். அதில் எதைப் போட்டாலும் துணி மெத்தென்றுதான் இருக்கும், பெருமை லிக்விடுக்கு மட்டும் இல்லை. சுந்தரம் அண்ணே, உங்கள் கதையும் அதேதான். ஆற்றுத் தண்ணீரில் பார் சோப்பு தங்கம். அதையே போர் தண்ணீரில் போட்டால் துணியைக் கெடுக்கும்.

நான் சலவைத்தூள் தொழிற்சாலை ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கட்டி என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு வேறு பொருள்கள். மஞ்சள் பார் சோப்பு எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்த அசல் சோப்பு. நீலமோ பச்சையோ நிறத்தில் வரும் சலவைக் கட்டியில் பெரும்பாலும் சோப்பே கிடையாது. அதில் வேலை செய்வது ஆசிட் ஸ்லரி என்ற செயற்கைச் சலவைச் சரக்கு. பவுடரிலும் அதே ஸ்லரிதான். அதற்கான மூலப்பொருள் எங்கள் மணலியிலேயே தயாராகிறது.

அசல் சோப்பு தண்ணீரில் உள்ள சுண்ணாம்பைக் கண்டால் திரிந்துவிடும், பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. அந்தத் திரிவு பிசுபிசுப்பான சாம்பல் பசை. அதுதான் சட்டையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் தண்ணீரைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மல்லிகா, தண்ணீர் எவ்வளவு கடினம் என்று தெரியுமா?

மல்லிகா_திருமங்கலம்:
ஃபில்டர் மாட்ட வந்தவர் மீட்டரை வைத்துப் பார்த்து டிடிஎஸ் 1400 என்றார் சார்.

மணலி_முத்து:
அது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும் எண். அதில் சாப்பாட்டு உப்பும் இருக்கும், சோப்பைத் திரிய வைப்பது அது இல்லை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே மாதிரி இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் அரை லிட்டர் போர் தண்ணீர், இன்னொன்றில் அரை லிட்டர் கேன் தண்ணீர். மஞ்சள் சோப்பிலிருந்து கொண்டைக்கடலை அளவு சீவி ஒவ்வொன்றிலும் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்று தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை வராமல் பால் மாதிரி கலங்கி, மேலே தயிர்த் துணுக்கு மிதந்தால் கடினநீர்.

மல்லிகா_திருமங்கலம்:
இப்போதுதான் செய்தேன். கேன் தண்ணீரில் இரண்டு விரற்கடை நுரை நிற்கிறது. போர் தண்ணீரில் நுரையே இல்லை. வெள்ளையாகத் துணுக்கு துணுக்காக மிதக்கிறது, பாட்டில் ஓரத்தில் விரலால் தொட்டால் மெழுகு மாதிரி ஒட்டுகிறது. இன்னொன்றும் கிடைத்தது. போர் போட்ட புதிதில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்த தாள். அதில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 520 மில்லிகிராம் என்று இருக்கிறது.

மணலி_முத்து:
அந்தத் தாள் போதும். கணக்குக்கு 500 என்றே வைப்போம். 15 லிட்டர் வாளியில் ஏழரை கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அவ்வளவையும் திரித்து முடிக்க ஏறக்குறைய 45 கிராம் அசல் சோப்பு வேண்டும். 150 கிராம் கட்டியில் மூன்றில் ஒரு பங்கு அழுக்கைத் தொடாமலே போய்விடும். அதோடு முடியாது, அலசும் வாளியிலும் அதே தண்ணீர்தானே? துணியில் மிச்சமிருக்கும் சோப்பு அங்கேயும் திரிந்து நூலுக்குள் தங்குகிறது. நன்றாக அலச அலச நரைக்கிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

அதே வாளிக்குச் சலவை சோடா என்றால் 8 கிராம் போதும். பவுடரில் ஏற்கெனவே சோடா இருக்கிறது, அதனால் போர் தண்ணீரிலும் பவுடர் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. சோடாவோடு சேர்ந்த சுண்ணாம்பு மாவாகப் படியும். மலிவு பவுடரில் அதைத் துணியில் ஏறாமல் பிடித்துவைக்கும் சரக்கைக் குறைத்துவிடுவார்கள். நீங்கள் சொன்ன விறைப்பு பெரும்பாலும் அந்த மாவு. சாம்பல் நிறம் மஞ்சள் சோப்பு. இரண்டையும் ஒரே சட்டையில் ஏற்றியிருக்கிறீர்கள்.

அம்பை_சுந்தரம்:
முத்து சார் கணக்கு சரியாக இருக்கலாம். பார் சோப்பு வேண்டாம் என்றால் நீலக் கட்டியைப் போடட்டும். அதில் சோப்பே கிடையாது என்று நீங்களே சொன்னீர்கள், அப்படியென்றால் திரியாது. ஊறவைப்பதால் மட்டும் காலர் அழுக்கு போகாது சார், தேய்த்தால்தான் போகும். பவுடரையோ லிக்விடையோ காலரில் எப்படித் தேய்ப்பது?

மணலி_முத்து:
தேய்ப்பு வேண்டும் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் அண்ணே. ஆனால் அந்தக் கட்டிக்கு உருவம் கொடுப்பது களிமண்ணும் சுண்ணக்கல் பொடியும். கட்டி கரையக் கரைய அந்தப் பொடி வெளியே வருகிறது. ஈரக் காலரில் அதைப் போட்டு பிரஷால் உரசினால் மடிப்பு ஓரத்தில்தான் முதலில் நூல் பிரியும். உங்கள் வீட்டுப் பழைய சட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காலர் மடிப்பைப் பாருங்கள், தெரியும்.

அம்பை_சுந்தரம்:
என் சட்டைகளில் காலர் கிழிவது கழுத்து உரசலால்தான் என்பேன். கட்டி மேல் பழி போட முடியாது.

நூல்காரி:
நான் சுங்குடி, கைத்தறிச் சேலை விற்கிறவள். துவைத்துக் கெட்டுப்போன சேலைகளை வாடிக்கையாளர்கள் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். முக்கால்வாசி பவுடர் வேலை. ஒன்று, கரையாத பவுடர் மடிப்பில் உட்கார்ந்து அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். இரண்டு, காரத்தில் சாயம் இறங்கியிருக்கும். சாயம் போடாத பருத்திச் சேலையின் இயல்பான பழுப்பு, பவுடரில் உள்ள வெளுப்புச் சாயத்தால் நீல வெள்ளையாக மாறிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. லிக்விடில் காரம் குறைவு, முழுக்கக் கரைகிறது, கையும் வெடிக்காது. மல்லிகா அக்கா எல்லாவற்றுக்கும் லிக்விடே போடட்டும்.

மணலி_முத்து:
சேலைக்கு நீங்கள் சொல்வதே சரி அம்மா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெளுப்புச் சாயம் பல லிக்விடிலும் உண்டு, அதனால் பழுப்புச் சேலைக்கு லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். பட்டுக்குச் சாதாரண லிக்விடும் வேண்டாம். கறையை அரிக்க அதில் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் போட்டிருப்பார்கள், பட்டும் புரதம்தான்.

வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு லிக்விட் மட்டும் போதாது. காலரில் இருப்பது உடம்பு எண்ணெய், அதை லிக்விட் நன்றாக இழுக்கும். ஆனால் டீக் கறையும் பழைய வியர்வை மஞ்சளும் போக ஆக்சிஜன் வெளுப்பு வேண்டும். அது ஈரத்தில் சிதைந்துவிடும் என்பதால் சாதாரண லிக்விடில் வைப்பதில்லை, நல்ல பவுடரில்தான் கிடைக்கும்.

மல்லிகா, நான் செய்வதைச் சொல்கிறேன். காய்ந்த காலரில் நாலு சொட்டு லிக்விட் விட்டு, விரலால் பரப்பி, பத்து நிமிடம் வையுங்கள். ஈரக் காலரில் விட்டால் நீர்த்துப்போகும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மக்கில் பவுடரை முழுக்கக் கரைத்து வாளியில் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து, சோடா தன் வேலையை முடித்த பிறகு சட்டையைப் போடுங்கள். அரை மணி நேரம் ஊறினால் போதும். காலரைக் காலரோடு வைத்துக் கசக்குங்கள், பிரஷ் வேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டும் பஞ்சாயத்துத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பாதி வாளி கிடைத்தால் விறைப்பு பாதியாகும்.

ஏற்கெனவே படிந்ததற்கு: பாதி வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து, அலசிய சட்டையை அரை மணி நேரம் போட்டு எடுங்கள். எச்சரிக்கை, பிளீச்சிங் பவுடர் போட்ட வாளியில் வினிகர் விடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

நூல்காரி:
கைக்கு என்ன வழி சார்? பவுடர் கரைத்த வாளியில் அக்கா தினமும் கையை விடத்தானே போகிறார்?

மணலி_முத்து:
அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை அம்மா. காரம் கைத்தோலின் எண்ணெயையும் எடுத்துவிடும். வெள்ளைத்துணியை வாரம் ஒரு நாளுக்கு ஒதுக்கி, அன்றைக்கு மட்டும் பவுடர், ரப்பர் கையுறை. மற்ற நாளில் லிக்விட். லிக்விடும் எண்ணெயை எடுக்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக. துவைத்ததும் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

மல்லிகா_திருமங்கலம்:
மூன்று வாரம் ஆயிற்று, சொல்ல வந்தேன். இரண்டு சட்டையை வினிகர் தண்ணீரில் போட்டேன். ஒன்று முதல் தடவையே மெத்தென்று ஆகிவிட்டது, கொடியில் மடங்கித் தொங்குகிறது. இன்னொன்று பழையது, விறைப்பு போனாலும் சாம்பல் அப்படியேதான் இருக்கிறது. மஞ்சள் சோப்பை நிறுத்திவிட்டேன். புதிதாக வாங்கிய சட்டை இதுவரை வெள்ளையாகவே இருக்கிறது. கையுறை போட்டால் காலர் அழுக்கு போனதா என்று விரலுக்குத் தெரியவில்லை சார், அதைக் கழற்றிவிட்டுத்தான் கசக்குகிறேன். வெடிப்பு பாதி ஆறியிருக்கிறது.

அம்பை_சுந்தரம்:
அந்தப் பழைய சட்டையின் காலரில் ஒரு பக்கம் நீலக் கட்டி, மறு பக்கம் லிக்விட் போட்டுப் பாருங்கள் தங்கச்சி. பத்துத் துவையல் கழித்து எந்தப் பக்கம் நூல் பிரிகிறது என்று சொல்லுங்கள்.