கான்ஸ்டபிள் எந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும்?

பாடவேளை: நெறியியல் வகுப்புக்காக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். பணிக்குப் புதிதாக வந்த ஒரு கான்ஸ்டபிள். அவனுக்குத் தொழில் கற்றுத்தரும் ஏட்டு, விலங்கிட்ட ஒருவரை லத்தியால் அடிக்கிறார். முன்பு கலவரத்தில் இவன் உயிரைக் காத்தவரும் அவரே. ‘தப்பியோடும்போது படிக்கட்டில் விழுந்தார்’ என்ற அறிக்கையில் இவனும் கையெழுத்துப் போடுகிறான். இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் நிலைய அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். முடிவு சரியாக இருக்கிறதா?

கருங்கல்: இல்லை. உயிரைக் காத்தவருக்குப் பட்ட கடன் ஒரே இரவில் தீர்ந்துவிடுமா? கூட இருப்பவனைக் காட்டிக்கொடுத்தவன் நாளை வயர்லெஸ்ஸில் உதவி கேட்டால், அடுத்த வண்டி மெதுவாகத்தான் வரும். அந்தப் பயத்தை எழுதாமல் விட்டால் மாணவர்கள் அவனைக் கோழை என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். முதலில் அவன் ஏட்டிடம் தனியாகப் பேசட்டும். வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ளேயே தீர்ப்பதுதான் முறை.

நடுச்சாமம்: பயத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் தனியாகப் பேசுவதற்கான நேரம் லத்தி ஓங்கப்பட்டபோதே போய்விட்டது. காவலர்கள் மீதான வழக்குகளைப் பல வருடங்களாக நடத்திவரும் வழக்கறிஞன் நான். கதை தூக்கம் வராத இரவில் இல்லை, கையெழுத்தில் இருக்கிறது. பேனாவை எடுக்கும்வரை அவன் பார்த்தவன், வைத்த பிறகு உடந்தை. அதன் பின் விசாரணையிலும், நீதிமன்றக் கூண்டிலும் அதே பொய்யைச் சொல்ல வேண்டிவரும்.

மருத்துவச் சான்றையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். படியில் உருண்டவருக்கு முழங்கால், முழங்கை, நெற்றி போன்ற எலும்பு துருத்திய இடங்களில்தான் சிராய்ப்பு இருக்கும். லத்தி அடி வேறு மாதிரி பதியும்: இரண்டு பக்கமும் இணையாகச் சிவந்த கோடுகள், நடுவில் வெளிறிய பட்டை. தொடையில் அப்படி நான்கு தடங்கள் இருந்தால் படிக்கட்டு என்ற கதை முதல் குறுக்கு விசாரணையிலேயே சரிந்துவிடும். அப்போது ஏட்டோடு சேர்ந்து இவனும் மாட்டுவான்.

பூவரசு: எனக்கும் இதே நிலைமை வந்தது. அலுவலகத்தில் போலிப் பயணப்படி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன், பிரச்சினை தீர்ந்தது. உங்கள் கான்ஸ்டபிளும் அப்படியே செய்யலாமே?

நடுச்சாமம்: பயணப்படிக் கணக்கை இருபது பேர் பார்த்திருக்கலாம். அந்த அறையில் இருந்தவர்கள் ஏட்டு, அடிபட்டவர், இவன், அவ்வளவுதான். பெயரில்லாக் கடிதம் யாருடையது என்று கண்டுபிடிக்க யாரும் துப்பறிய வேண்டியதில்லை.

கருங்கல்: அப்படியானால் பேசினாலும் ஆபத்து, பேசாவிட்டாலும் ஆபத்து. 2020இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் காவலர்கள் தரையில் அழுத்திப் பிடித்திருந்த ஜார்ஜ் ஃப்ளாய்ட் இறந்தபோது, பணிக்கு வந்து சில நாட்களே ஆன தாமஸ் லேன் என்ற காவலர், ‘இவரைத் திருப்பிப் படுக்க வைக்கலாமா?’ என்று இரண்டு முறை கேட்டார். மூத்தவர் டெரெக் ஷாவின் மறுத்துவிட்டார். கேட்டவருக்கும் சிறைதான். இதில் என்ன நியாயம்?

நடுச்சாமம்: கேட்டார், ஆனால் கால்களைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. ஃப்ளாய்டுக்குத் தேவையான மருத்துவ உதவியைச் செய்யத் தவறியதற்குத்தான் அந்த இரண்டரை ஆண்டுத் தண்டனை. கேள்வி கேட்பதும் தடுப்பதும் ஒன்றல்ல என்பதை உங்கள் மாணவர்கள் விவாதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கருங்கல்: தடுத்தவர் கதி? அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் காரியல் ஹார்ன் என்ற பெண் காவலர் 2006இல், விலங்கிட்டவரின் கழுத்தை நெரித்த சக காவலரைத் தடுத்தார். 2008இல் வேலை போனது. ஓய்வூதியத்துக்கு நீதிமன்றம் வழிவிட்டது 2021இல். குடும்பம் உள்ள இளைஞனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நடுச்சாமம்: மறுக்கவில்லை. அந்த விலையைக் கதையில் எழுதத்தான் வேண்டும். நான் கேட்பது வேறு. நிலைய அதிகாரி அந்த அறிக்கையைப் படித்து மேலொப்பம் இட்டிருப்பார் அல்லவா? அவரிடமே போய்ச் சொல்வது முறையீடு ஆகாது, எச்சரிக்கை ஆகும். அடுத்த மணி நேரத்தில் ஏட்டுக்குத் தகவல் போய்விடும். நிலையத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் அவன் போகட்டும், கையில் தேதியும் நேரமும் குறித்த சொந்தக் குறிப்போடு.

பாடவேளை: அதிகாரியை மாற்றிவிடுகிறேன். கையெழுத்தை இன்னும் போடாத நிலையில் கதையை நிறுத்தலாம் என்று தோன்றுகிறது. மருத்துவர் வரும் காட்சியையும் சேர்க்கிறேன்.

கருங்கல்: ஒரு வேண்டுகோள். ஏட்டைக் கொடூரனாக்கிவிடாதீர்கள். அடிபட்டவர் குழந்தையைக் கடத்தியவர், குழந்தை எங்கே என்று சொல்ல மறுக்கிறார் என்று வைத்துப் பாருங்கள். எத்தனை மாணவர்கள் புகார் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.

நடுச்சாமம்: ஏட்டு நல்லவராக இருக்கட்டும், அதில் எனக்குச் சம்மதம். கடத்தல் வேண்டாம். அதை வைத்த நிமிடமே வகுப்பு, ‘அவனுக்கு அடி தகுமா’ என்று பேசப் போய்விடும். பொய் அறிக்கையை மறந்துவிடுவார்கள்.

கருங்கல்: மறந்தால் மறக்கட்டும். நிலையத்தில் அன்றாடம் நடப்பது அந்த மறதிதானே?