கம்ப்ரசர் பிரேக்டவுன் கணக்கில் ஒரு சந்தேகம்

நூற்பாலை பராமரிப்பில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். எங்கள் ஸ்க்ரூ கம்ப்ரசருக்கு மாத ரிப்போர்ட்டில் எம்.டி.பி.எஃப்., எம்.டி.டி.ஆர். இரண்டும் போட வேண்டும்.

மாதம் 720 மணி நேரம். திட்டமிட்ட சர்வீஸுக்கு நிறுத்திய 24 மணியைக் கழித்தால் 696. பிரேக்டவுன் நான்கு: பெல்ட் அறுந்து 1 மணி, ஓட்டி 20 நிமிடத்தில் திரும்பவும் அறுந்து 3 மணி (அப்போதுதான் புல்லி நேராக இல்லை என்று தெரிந்தது), சூடு ஏறி ட்ரிப் ஆகி 2 மணி, மோட்டார் பேரிங் போய் 10 மணி. மொத்தம் 16. ஓடியது 680.

680-ஐ 4-ஆல் வகுத்தால் எம்.டி.பி.எஃப். 170 மணி. ஆனால் பெல்ட் இரண்டு முறை அறுந்ததற்கும் காரணம் ஒன்றுதானே? ஒரே பழுது என்று எடுத்தால் 227 ஆகிவிடுகிறது. எம்.டி.டி.ஆர். 4 மணியிலிருந்து 5.3-க்கு ஏறுகிறது. வேடிக்கை என்னவென்றால், எப்படிப் போட்டாலும் அவைலபிலிட்டி 97.7 சதவீதம்தான், அதை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. முதல் முறை வேலை அரைகுறை என்பதால் இரண்டாகக் காட்டுவதே சரி என்று எனக்குப் படுகிறது.

அப்புறம், பேரிங்கின் 10 மணியில் 7 மணி ஸ்டோரில் பேரிங் இல்லாமல் காத்திருந்தது. அதைக் கழித்தால் எம்.டி.டி.ஆர். 2.25 மணிதான். உங்கள் ஆலையில் காத்திருப்பைச் சேர்க்கிறீர்களா, தனிக் கட்டத்தில் காட்டுகிறீர்களா? பதிவேட்டில் நேரத்தை எப்படிப் பிரித்து எழுதுகிறீர்கள் என்று ஒரு மாதிரி காட்டினால் நன்றாக இருக்கும்.