20% தள்ளுபடி, மேலே எக்ஸ்ட்ரா 10% என்றால் மொத்தம் 30% தானே? (டொராண்டோ பக்கம்)

பிராம்ப்டன் புதுக்குடித்தனம்
வணக்கம். திருச்சியிலிருந்து வந்திருக்கிறோம், இங்கே இதுதான் முதல் குளிர்காலம். மாலில் ஒரு கடையில் ஜாக்கெட் எடுத்தோம், டிக்கெட்டில் 250 டாலர். வாசல் போர்டில் 20% தள்ளுபடி, அதற்குக் கீழே ஈமெயில் கொடுத்து உறுப்பினரானால் எக்ஸ்ட்ரா 10% என்று போட்டிருந்தது. அங்கேயே சேர்ந்தேன். 30% என்றால் 75 டாலர் குறைந்து 175 ஆகும், அதற்கு மேல் வரி என்று மனசில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பில்லில் முதல் வரியில் 50 கழித்திருக்கிறார்கள், அடுத்த வரியில் 25 இல்லை, வெறும் 20. ஆக 180, ஹெச்எஸ்டி 23.40, மொத்தம் 203.40. கேட்டதற்கு சிஸ்டம் அப்படித்தான் போடும் என்றார்கள். பின்னால் வரிசை நின்றதால் வந்துவிட்டேன். திரும்பப் போய்க் கேட்கலாமா?

ஸ்கார்பரோ அண்ணை
தம்பி, கடையில் பிழை இல்லை. இரண்டாவது கழிவு மிச்சக் காசில்தான் போகும், 200இல் 10% எண்டால் 20தானே. ஆனால் அடுத்த முறை ஒன்று செய்யுங்கோ, 10%ஐ முதலில் போடச் சொல்லிக் கேளுங்கோ. அப்ப பெரிய கழிவு பிறகு வரும், உங்களுக்கு லாபம்.

பில்லிங் கவுண்டர்க்காரன்
இங்கே துணிக்கடை கவுண்டரில் பல வருடமாக நிற்கிறேன், தினமும் வரும் கேள்வி இது. அண்ணை முதல் பாதியைச் சரியாகச் சொன்னார், இரண்டாவது பாதி சரியில்லை. 10%ஐ முதலில் போட்டால் 250, 225 ஆகும். அதில் 20% என்பது 45. மிச்சம் அதே 180. சதவீதமும் சதவீதமும் என்றால் எதை முன்னால் போட்டாலும் ஒன்றுதான், ஏனென்றால் நீங்கள் செய்வது கழித்தல் மாதிரி தெரிந்தாலும் உள்ளே நடப்பது பெருக்கல். 20% போனால் கையில் 80%, அந்த எண்பதில் 10% போனால் 72. ஆகவே உங்களுக்குக் கிடைத்தது 28%. போர்டைப் பார்த்தால் 30 மாதிரி தோன்றும், அதற்காகத்தான் அப்படிப் பிரித்து எழுதுகிறார்கள், அது எனக்கும் பிடிக்காது.

20ம் 10ம் என்றால் வித்தியாசம் சின்னது, உங்கள் ஜாக்கெட்டில் 5 டாலர். எண் பெரிதாகும்போதுதான் அடி விழும். பாக்ஸிங் டே சமயத்தில் 50% தள்ளுபடி, அதற்கு மேல் எக்ஸ்ட்ரா 30% என்று தொங்கும். 80% என்று நினைத்து 240 டாலர் பூட்ஸை 48க்கு எதிர்பார்த்து வருவார்கள். 240இல் பாதி 120, அதில் 30% என்பது 36, பில் 84. உண்மையில் 65% தான். கூட்டிப் பார்க்கும் கணக்கு தப்பு என்று சட்டென்று புரிய வேண்டுமானால் 50% மேல் எக்ஸ்ட்ரா 50% என்று ஒரு போர்டை நினைத்துப் பாருங்கள், எந்தக் கடையும் பொருளைச் சும்மா கொடுத்து அனுப்பாது.

வரிசை முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு, அண்ணை அதைத்தான் மனசில் வைத்திருந்தாரோ என்னவோ. ஒன்று சதவீதம், இன்னொன்று டாலர் கூப்பன் என்றால். அதே 250 ஜாக்கெட், 20% தள்ளுபடி, கையில் 25 டாலர் கூப்பன். சதவீதம் முதலில் போனால் 200, அப்புறம் கூப்பன், 175. கூப்பன் முதலில் போனால் 225, அதில் 20% போய் 180. கூப்பனைக் கடைசியில் போட்டால்தான் அதன் 25ம் முழுசாக உங்களுக்கு. ஆனால் எதை முதலில் எடுப்பது என்பது பெரும்பாலும் சிஸ்டத்தில் முன்கூட்டியே வைத்தது, கவுண்டரில் இருப்பவரால் மாற்ற முடியாது. அவரோடு சண்டை போட வேண்டாம், மேனேஜரைக் கேளுங்கள்.

மிசிசாகா சோபா
எல்லாரும் வரியை மறந்துவிட்டீர்கள். ஊரில் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேர்ந்தே இருக்கும், இங்கே கவுண்டரில்தான் 13% ஏறும். 10% கொடுத்து 13% வாங்கினால் என்ன தள்ளுபடி? அதனால் நாங்கள் சோபா வாங்கும்போது வரியே இல்லை என்று விளம்பரம் செய்த கடையாகப் பார்த்து வாங்கினோம். 1,000 டாலர் சோபா, 1,000 தான் கொடுத்தோம், முழுசாக 13% லாபம்.

பில்லிங் கவுண்டர்க்காரன்
அவர் கேட்டது வேறு, ஆனால் நீங்கள் சொன்னதிலும் இதே கணக்குதான் ஒளிந்திருக்கிறது. வரியை வேண்டாம் என்று விட கடைக்கு அதிகாரம் கிடையாது, அரசுக்குக் கட்டியே ஆகணும். அதனால் விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள், சோபா 884.96, ஹெச்எஸ்டி 115.04, மொத்தம் 1,000 என்கிற மாதிரி இருக்கும். 1,000 என்ற விலை 884.96க்கு இறங்கியிருக்கிறது, அதாவது சுமார் 11.5%, 13 இல்லை. பக்கத்துக் கடையில் நேரடியாக 12% தள்ளுபடி கொடுத்திருந்தால் அதுதான் மலிவு. கடையே கொடுக்கும் தள்ளுபடி போக மிச்சத்துக்குத்தான் வரி, அதனால் வரிக்குப் பயந்து தள்ளுபடியை விட வேண்டியதில்லை.

இரண்டு பிள்ளைக்காரி
குழந்தைகளின் துணிக்கு ஒன்டாரியோவில் 5% தான் வரி, பில்லில் 13 போட்டிருந்தால் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த வழி, போர்டைப் பார்க்காமல் சின்ன எழுத்தைப் பார்ப்பது. 'எக்ஸ்ட்ரா' அல்லது 'அடிஷனல்' என்று இருந்து 'சேல் பிரைஸ்' மேல் என்று போட்டிருந்தால் ஒன்றின் மேல் ஒன்று. 'ரெகுலர் பிரைஸில் 10%' என்று எழுதியிருந்தால் அது முதல் விலையில் கழியும், அப்போது நிஜமாகவே 30 ஆகும், அபூர்வம்தான் ஆனால் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே குறைத்த பொருளுக்கு எக்ஸ்ட்ரா செல்லாது என்று இருந்தால் உங்களுக்கு 20% மட்டும்தான், இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். எதுவும் புரியவில்லையென்றால் பில்லில் இரண்டாவதாகக் கழித்த தொகை எவ்வளவு என்று பாருங்கள். 250க்கு 25 என்றால் கூட்டியிருக்கிறார்கள், 20 என்றால் மிச்சத்தில் போட்டிருக்கிறார்கள். ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே இது தெரிந்துவிடும், நான் கடைக்குப் போகும் முன் அதே பொருளைக் கூடையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

பிராம்ப்டன் புதுக்குடித்தனம்
எல்லாருக்கும் நன்றி. விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், 'சேல் பிரைஸ்' என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது, அப்படியானால் 203.40 சரிதான். இன்னொன்று கேட்கணும். பையனுக்கு வேறு கடையில் 200 டாலருக்கு வாங்கினால் 40 டாலர் குறைவு என்ற கூப்பனில் 120க்கு ஒரு கோட்டும் 80க்கு ஒரு ஷூவும் எடுத்தோம். ஷூ சின்னதாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் 80 வருமா?

ஸ்கார்பரோ அண்ணை
80 வராது. நாற்பதை இரண்டு பொருளுக்கும் பிரிச்சுத்தான் கணக்கு, கோட்டுக்கு 24, ஷூவுக்கு 16. உங்களுக்கு 64ம் அதுக்குரிய வரியும் வரும். எனக்கு அப்படித்தான் தந்தவங்கள்.

இரண்டு பிள்ளைக்காரி
எனக்கு அப்படி நடக்கவில்லை அண்ணா. ஒன்றைத் திருப்பியதும் 200க்குக் கீழே போய்விட்டது என்று சொல்லி கூப்பன் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கில் பார்த்தால் 40தான் வரும்.

பில்லிங் கவுண்டர்க்காரன்
இரண்டும் நடக்கிறது, கடைக்குக் கடை விதி வேறு. எங்கள் கடையில் அண்ணை சொன்ன மாதிரி பிரித்துத்தான் தருவோம். பில்லின் பின்பக்கம் இருக்கும் ரிட்டர்ன் விதியை முதலில் படியுங்கள். அப்புறம் பணம் கேட்பதற்கு முன், அதே ஷூவில் பெரிய சைஸ் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள், மாற்றிக் கொடுத்தால் 200 அப்படியே நிற்கும், கூப்பனைத் தொட மாட்டார்கள். அந்த சைஸ் இல்லையென்றால் என்ன செய்வார்கள் என்று அந்தக் கடையைத்தான் கேட்கணும். போய் வந்து எழுதுங்கள்.