கம்பெனி தவறுதலாகக் கூடுதல் சம்பளம் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்டால்: என் அனுபவமும் உங்களுடையதும்

தென்றல்_சென்னை

நான் கட்டுமான ஆலோசனை நிறுவனம் ஒன்றில் இன்ஜினியர். சைட்டில் இருந்தவரை மாதம் 12,000 ரூபாய் சைட் அலவன்ஸ் வந்தது. 2025 மார்ச் கடைசியில் சென்னை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அலவன்ஸை நிறுத்த மறந்துவிட்டார்கள். ஏப்ரலில்தான் இன்க்ரிமென்ட்டும் வந்தது. அதனால் கணக்கில் விழுந்த தொகையைப் பார்த்து எனக்குச் சந்தேகமே வரவில்லை. பே ஸ்லிப்பைத் திறந்து வரிவரியாகப் பார்க்கும் பழக்கம் அப்போது இல்லை.

ஜனவரியில் எச்.ஆரிடமிருந்து மெயில். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம், 1,08,000 ரூபாய் அதிகம் போயிருக்கிறது, இந்த மாதச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கப் போகிறோம், சம்மதம் என்று பதில் போடுங்கள் என்று இருந்தது. என் டேக் ஹோமே லட்சத்துக்குச் சற்று மேல்தான். வீட்டுக் கடன் தவணை 5ஆம் தேதி போகும். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பணம் என்னுடையது இல்லை, திருப்பித்தான் ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சம்மதம் என்று எழுதும் முன் மாதவாரிக் கணக்கு கேட்டேன். அதை என் டைரியோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது: ஜூலை முழுவதும், ஆகஸ்டில் பாதியும் என்னைத் திரும்பவும் சைட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஒன்றரை மாத அலவன்ஸ் 18,000 எனக்குச் சேர வேண்டியது. மேனேஜர் அனுப்பிய பழைய மெயிலை இணைத்து அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்கள். 1,08,000 என்பது 90,000 ஆனது.

அப்புறம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று மாதம், மாதம் 30,000 வீதம் பிடித்தார்கள். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

நெல்லை_முருகன்

சகோ, நீங்கள் ஒரு பைசாகூடக் கொடுத்திருக்க வேண்டாம். தவறு அவர்களுடையது. ஊழியர் பொய் சொல்லாமல், ஏமாற்றாமல் வந்த பணத்தைப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பஞ்சாப் அரசு, ரஃபீக் மசீஹ் வழக்கு, 2014. கூகுள் செய்து பாருங்கள். எழுதிக் கொடுத்து ஏமாந்துவிட்டீர்கள்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், சேலம்

முருகன் தம்பி, தீர்ப்பு உண்மைதான். ஆனால் அது இவருக்குப் பொருந்தாது. நான் அரசு அலுவலகத்தில் பில் செக்‌ஷனில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன், அந்தத் தீர்ப்பை வைத்துப் பலருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது அரசு ஊழியர் வழக்கு. அதில் எல்லோருக்கும் விலக்கு கொடுக்கவில்லை. சி, டி பிரிவு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள், ஐந்து வருடத்துக்கு மேலாகக் கூடுதலாக வாங்கி வந்தவர்கள், மேல் பதவி வேலையை வாங்கிக்கொண்டு அதற்கான சம்பளம் தரப்பட்டவர்கள், இவர்களிடம் பிடிக்கக் கூடாது என்றார்கள். மற்றபடி, பிடித்தால் அநியாயமாகிவிடும் என்று நீதிமன்றம் நினைக்கும் இடங்களும் உண்டு. ஒன்பது மாத அலவன்ஸ், பணியில் இருப்பவர், தனியார் கம்பெனி: இதில் எதிலும் வராது.

எங்கள் அலுவலக ஓட்டுநர் ஒருவருக்கு ஊதிய நிர்ணயத்தில் தவறு நடந்து ஏழு வருடம் கழித்துத் தணிக்கையில் கண்டுபிடித்தார்கள். அப்போது அவர் ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. பணிக்கொடையில் பிடிப்போம் என்று ஆணை வந்தது. இந்தத் தீர்ப்பைக் காட்டி எழுதினோம். பிடித்தம் ரத்தானது. ஆனால் சம்பளத்தை மட்டும் சரியான நிலைக்குக் குறைத்துவிட்டார்கள், ஓய்வூதியமும் அந்தக் குறைந்த சம்பளத்தில்தான் வந்தது. தவறான சம்பளத்தைத் தொடர்ந்து கொடு என்று கேட்க முடியாது.

இன்னொன்று. ஊதியம் நிர்ணயிக்கும்போது ‘கூடுதலாக வந்தால் திருப்பித் தருவேன்’ என்று உறுதிமொழி எழுதி வாங்குவார்கள். ஜக்தேவ் சிங் வழக்கில் 2016இல் அந்தக் கையெழுத்தைக் காட்டியே, ஓய்வு பெற்ற ஒருவரிடம் பிடித்தது சரி என்று தீர்ப்பானது. பலர் படிக்காமலே அதில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நெல்லை_முருகன்

நன்றி ஐயா. இந்த விவரம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் தவறு செய்த கம்பெனி சும்மா இருக்க, ஊழியர்தான் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்பது என் மனத்தில் இருக்கிறது.

பேரோல்_வசந்தி

தனியாரில் இதற்கு அடிப்படை ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆகவே கேட்கும் உரிமை உண்டு. எவ்வளவு வேகத்தில் பிடிக்கலாம் என்பதுதான் அடுத்தது. ஊதியச் சட்டம் கூடுதல் சம்பளத்தைச் சரிசெய்ய அனுமதிக்கிறது, ஆனால் ஒரு மாதத்தின் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்பு இந்தச் சட்டம் குறைந்த சம்பளக்காரர்களுக்கு மட்டும் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை எடுத்துவிட்டது. தென்றல் மேடம், முழுச் சம்பளத்தையும் பிடிக்கிறோம் என்று மெயில் அனுப்பியதே தவறு.

நீங்கள் மார்ச்சுக்குள் முடித்தது நல்லது. அதிகமாக வந்த 90,000இல் உங்கள் வரி அடுக்குக்கு 14,000 ரூபாய் அளவில் டிடிஎஸ் முன்பே போயிருக்கும். கையில் வந்தது ஏறத்தாழ 76,000தான். அதே நிதியாண்டுக்குள் சம்பளத்தில் 90,000 கழித்தால் ஆண்டு வருமானம் குறையும், மிச்ச மாதங்களின் டிடிஎஸ்ஸும் தானாகக் குறையும். உங்கள் டேக் ஹோம் மாதம் 25,000 அளவுக்குத்தானே குறைந்தது?

தென்றல்_சென்னை

ஆமாம் மேடம், மூன்று மாதமும் 25,300 சுற்றித்தான் குறைந்தது. 30,000 சொல்லிவிட்டு ஏன் குறைவாகப் பிடித்தார்கள் என்று குழம்பினேன். இப்போது புரிகிறது.

கோவை_ஷாஜஹான்

எனக்கு வேறு மாதிரி. போன மாதம் வேலையை விட்டேன். ஃபுல் அண்ட் ஃபைனலில் இரண்டு நாள் லீவு கணக்கு தவறியிருக்கிறதாம், 6,400 திரும்பக் கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர், இல்லாவிட்டால் பிஎஃப் எடுக்க விடமாட்டோம் என்கிறார்கள்.

பேரோல்_வசந்தி

சகோ, பிஎஃப் தொகையை அவர்கள் கடனுக்கு ஈடாகப் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. அந்த மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். ஆனால் 6,400 உண்மையில் கூடுதலாக வந்ததா என்று வருகைப் பதிவையும் லீவு இருப்பையும் எழுத்தில் கேளுங்கள். உண்மையென்றால் கட்டிவிட்டு, கட்டியதற்கு ரசீதும் ‘பாக்கி ஏதுமில்லை’ என்ற கடிதமும் வாங்குங்கள்.

யாழினி_ஓசூர்

வசந்தி அக்கா, ஒரு சந்தேகம். எனக்கும் அலவன்ஸ்தான், ஆனால் மார்ச் முடிந்து ஜூன் மாதம்தான் கண்டுபிடித்தார்கள். போன வருட வரி என் பான் எண்ணில் கட்டியாகிவிட்டது, ஃபார்ம் 16உம் வந்துவிட்டது. கம்பெனி கிராஸ் தொகை முழுவதையும் என் வங்கிக் கணக்கிலிருந்து கட்டச் சொல்கிறது. கைக்கு வராத பணத்தை எப்படிக் கொடுப்பது?

பேரோல்_வசந்தி

இதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. ஒரு கம்பெனி இந்த ஆண்டுச் சம்பளத்தில் கழித்து, இந்த ஆண்டு வரியைக் குறைக்கும். இன்னொன்று, பழைய ஆண்டுக் கணக்கைத் தொட மாட்டோம் என்று மறுக்கும். சில இடங்களில் கையில் வந்த தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு வரியைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். நேரடியாக வங்கியில் கட்டாதீர்கள், அப்படிக் கட்டினால் பே ஸ்லிப்பில் எங்கும் தெரியாது. சம்பளத்தில் கழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

யாழினி_ஓசூர்

நாளைக்கே மெயில் போடுகிறேன் அக்கா. நாங்கள் கேட்டதற்கு அவர்களுடைய ஆடிட்டர் என்ன சொல்கிறார் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.